ஃப்ரீசரில் நான்கு மாதம் இருந்த கறிக்குழம்பு: சாப்பிடலாமா?

கேள்வி: "அம்மா காரைக்குடியிலிருந்து சென்னைக்கு மட்டன் குழம்பை டப்பா டப்பாவாக உறைய வைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்கு முந்தைய டப்பா ஒன்று ஃப்ரீசரின் அடியில் கிடந்தது. வாடை எதுவும் இல்லை. மூன்று மாதம் தாண்டினால் விஷம் என்கிறார் நாத்தனார். ஆறு மாதம் தாங்கும் என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?"

பதில்:

இரண்டு பேரும் சொல்வது ருசியின் கணக்கு. அதைப் பாதுகாப்பின் கணக்கு என்று எடுத்துக்கொண்டதில்தான் குழப்பம். டப்பா இந்த நான்கு மாதமும் கல்லாக உறைந்தே இருந்திருந்தால், நாட்கள் கூடியதால் மட்டும் அது கெடுதலாகிவிடாது. அந்தக் குழம்பு உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது, அது அடுப்பிலிருந்து இறங்கிய நாளில் முதல் ஆறேழு மணி நேரம் எப்படி இருந்தது என்பதில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மீதி, நீங்கள் அதை வெளியே எடுத்து எப்படி இளக்கிச் சூடாக்குகிறீர்கள் என்பதில் இருக்கிறது. நடுவில் உள்ள மாதங்கள் ருசியைத்தான் தின்னும்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். உறைய வைத்த உணவு தயாரிக்கும் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டில் பல வருடம் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்தில் விருந்து சமைக்கும் ஆச்சிமார் சிலர் வெளியூருக்குக் குழம்பு அனுப்பத் தொடங்கியபோது என்னிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் எந்தக் கிருமியும் வளராது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் உறைந்த உணவுக்கு இந்த அளவைத்தான் கேட்கின்றன. ஆனால் குளிர் கிருமியை முழுதாகக் கொல்வதில்லை, அப்படியே நிறுத்தி வைக்கிறது. உள்ளே போகும்போது ஆயிரம் இருந்தால், ஒரு வருடம் கழித்துக் கொஞ்சமோ அதிகமோ குறைந்திருக்கலாம், ஆனால் அற்றுப்போயிருக்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை, விடாமல் உறைந்தே இருக்கும் உணவு எத்தனை நாளானாலும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே சமைத்த இறைச்சிக்கு இரண்டு முதல் ஆறு மாதம், கிரேவிக்கு இரண்டு முதல் மூன்று மாதம் என்று பட்டியல் போடுகிறது. அந்த மாதக் கணக்கு முழுக்க ருசி, மணம், பதம் பற்றியது. நாத்தனார் எங்கோ பார்த்தது அந்த மூன்று மாதமாக இருக்கும், அம்மா சொன்னது அந்த ஆறு மாதமாக இருக்கும்.

இனி முதல் ஆறேழு மணி நேரம். கறிக்குழம்புக்கென்றே ஒரு கிருமி இருக்கிறது, பெயர் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். மண்ணிலும் ஆட்டின் குடலிலும் சாதாரணமாக இருப்பது. சமைக்கும் முன்பே இதில் ஒரு பகுதி கெட்டியான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கியிருக்கும். நீங்கள் குழம்பை நன்றாகக் கொதிக்க வைத்தாலும் சில வித்துகள் தப்பிவிடும். குழம்பு ஆற ஆற அவை முளைக்கும். கெட்டியான கறிக்குழம்பின் உள்ளே காற்று கிடையாது, அதுவும் இதற்கு வசதி. 12 முதல் 50 டிகிரி வரை வளரும் என்றாலும் 43 முதல் 47 டிகிரிதான் இதற்குக் கொண்டாட்டம். அந்தச் சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று அறுபத்து நான்காக ஒரு மணி நேரம், இரண்டரை லட்சமாக மூன்று மணி நேரம்.

நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று கிலோ ஆட்டுக்கறி, எல்லாம் சேர்ந்து ஐந்து லிட்டர் குழம்பு. பகல் பன்னிரண்டரைக்கு அடுப்பிலிருந்து இறக்கி, மூடி போட்டு, மேடையிலேயே வைக்கிறார்கள். மே மாதம், அடுக்களையில் 34 டிகிரி வெக்கை. இவ்வளவு பெரிய பாத்திரம் மூடியோடு இருந்தால், தோராயக் கணக்கில் மூன்றரை மணிக்குத்தான் 60 டிகிரிக்கு வரும். ஆறரை மணிக்கு 44. பிறகு 40 வரை இறங்கவே இன்னும் இரண்டு மணி நேரம் பிடிக்கும், ஏனென்றால் அறையின் சூட்டை நெருங்க நெருங்க ஆறும் வேகம் மந்தமாகிவிடும். இரவு ஒன்பதுக்கு, "நன்றாக ஆறிவிட்டது" என்று ஒரு லிட்டர் டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்குகிறார்கள். கைக்கு ஆறினதுபோல் தெரிந்தாலும் அது இன்னும் கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில் இருக்கும் குழம்பு. பத்து செண்டிமீட்டர் உயரமுள்ள டப்பாவின் நடுப்பகுதி குளிர்வதற்கு நடுநிசி தாண்டிவிடும். இந்த வீட்டில் யாரும் எந்தத் தவறும் செய்ததாக நினைக்கமாட்டார்கள். சுத்தமாகச் சமைத்து, மூடி வைத்து, ஆறவிட்டு, அதன்பின் உறைய வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று மாலை குழம்பு அந்தக் கிருமிக்குப் பிடித்த சூட்டில் மணிக்கணக்காக இருந்திருக்கிறது.

இதனால் வரும் தொந்தரவு பெரும்பாலும் சாப்பிட்ட அன்று தெரியாது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிடித்து முறுக்கும், வயிற்றுப்போக்கு வரும், வாந்தியோ காய்ச்சலோ அதிகம் இருக்காது, ஒரு நாளில் அடங்கிவிடும். நம் ஊரில் இதற்குக் "காரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பெயர். பாவம், பழி மிளகாய்க்கு. வயதானவர்கள், கைக்குழந்தைகள், உடம்பு தளர்ந்தவர்கள் விஷயத்தில் இதே தொந்தரவு கடுமையாகப் போகலாம்.

வாடை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்ப வேண்டாம். குழம்பைப் புளிக்கவும் நாறவும் வைக்கும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் வேறு. இரண்டாவது வகை எவ்வளவு பெருகியிருந்தாலும் குழம்பு முதல் நாள் மாதிரியே மணக்கலாம். கல்பாசியும் பட்டையும் சோம்பும் தூக்கலாக இருக்கும் நம் குழம்பில் லேசான கெட்ட வாடைகூட மூக்குக்கு எட்டாது.

"எதுவாக இருந்தாலும் நன்றாகக் கொதிக்க வைத்தால் போச்சு" என்பார்கள். பாதி உண்மை. பெர்ஃப்ரிஞ்சன்ஸ் வித்திலிருந்து முளைத்து வளர்ந்தபின் கொதிக்கும் சூட்டில் செத்துவிடும். அந்த வகையில் நன்றாகக் கொதிக்க வைப்பது பெரிய காவல். ஆனால் கையிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ், அரிசியிலும் மசாலாவிலும் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் போன்றவை குழம்பிலேயே நச்சைக் கக்கி வைத்துவிட முடியும். அந்த நச்சு கொதியில் அழியாது. ஆகவே கொதிக்க வைப்பதைக் கடைசிக் காவலாக வையுங்கள், முதல் காவலாக அல்ல. காலையும் இரவும் சுட வைத்து மூன்று நாள் வைத்திருந்து சாப்பிடும் பழக்கமும் இதே காரணத்தால்தான் பாதி தைரியம், பாதி அதிர்ஷ்டம். உப்புக்கறியைச் சுண்ட வறுத்து எண்ணெயில் வைப்பது வேறு கதை, அதில் கிருமிக்குக் கிடைக்கும் தண்ணீர் குறைவு.

சரி, என்ன செய்வது? சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, உறைய வைக்கப் போகும் குழம்பைத் தனியாகப் பிரித்து, சூட்டோடு சூடாக அகலமான எவர்சில்வர் தாம்பாளங்களில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஊற்றிப் பரப்புங்கள். ஈ மொய்க்காமல் வலை மூடி போட்டு, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். இன்னும் வேகமாக வேண்டும் என்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் உள்ள அகலத் தொட்டியில் இறக்கி, கரண்டியால் அடிக்கடி கிளறிவிடுங்கள், தண்ணீர் சூடேறினால் மாற்றுங்கள். கெட்டியான குழம்பில் ஆழத்தைப் பாதியாக்கினால் ஆறும் நேரம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். இது கற்பனை இல்லை, வெப்பம் கடத்தப்படும் விதிப்படி அப்படித்தான். ஹோட்டல்களுக்கு அமெரிக்க உணவு விதி சொல்லும் அளவு: 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். நம் வெக்கையில் ஃபேன் காற்று மட்டும் 21க்குக் கொண்டுபோகாது. அதனால் ஆவி அடங்கி, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பைகளில் ஊற்றி, ஃப்ரிட்ஜின் குளிருக்குள் கொண்டுபோய்விட வேண்டும். வெளியே வைக்கும் நேரத்துக்கு மேல்வரம்பு இரண்டு மணி, வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் அந்த ஒரு மணிதான்.

பை என்றேன், டப்பா என்று சொல்லவில்லை. உறைய வைப்பதற்கென்று விற்கும் தடித்த ஜிப் பையில் அரை லிட்டர் ஊற்றி, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, மூடி, தட்டில் படுக்க வைத்தால் இரண்டு செண்டிமீட்டர் தடிமனில் பலகைபோல் உறையும். இரண்டு பேர் ஒரு வேளை சாப்பிடும் அளவும் அதுதான். உறையும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஐந்து லிட்டருக்குப் பத்துப் பை வரும். வீட்டு ஃப்ரீசரில் பத்தையும் ஒரே நேரத்தில் திணித்தால் ஏற்கெனவே உள்ளதும் இளகிவிடும். ஐந்தை ஃப்ரீசரிலும் மீதியைக் கீழ்த்தட்டில் பரப்பியும் வைத்து, மறுநாள் மாற்றுங்கள். பையின்மேல் சமைத்த தேதியை எழுதுங்கள், உறைய வைத்த தேதியை அல்ல.

ருசி பக்கம் வருவோம். ஃப்ரீசரில் கிருமிதான் நிற்கும். கொழுப்பு காற்றோடு சேர்வது நிற்பதில்லை, மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். வெந்த கறியில் அதன் சிவப்பு நிறப்பொருளிலிருந்து விடுபட்ட இரும்பு அதை முடுக்கிவிடும், உப்பும் சேர்ந்து முடுக்கும். விளைவு, பழைய எண்ணெய் மாதிரி ஒரு காறல் வாடை. கோழிக் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைவிடச் சீக்கிரம் காறும், மீன் எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும். பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு இந்தக் காறலைத் தாமதப்படுத்தும் குணம் உண்டு. கறித் துண்டு முழுக்கக் குழம்பில் மூழ்கியிருந்தாலும் காற்று படாது. அதனால் மசாலா நிறைந்த நம் ஆட்டுக்கறிக் குழம்பு வெறும் வேக வைத்த கறியைவிட நன்றாகத் தாங்கும். என் கணக்கு: ஆட்டுக்கறிக் குழம்பு மூன்று மாதம்வரை கிட்டத்தட்ட புதிது மாதிரி, ஆறு மாதம்வரை சாப்பிடலாம், அதன்பின் வயிற்றுக்காக அல்ல, நாக்குக்காகவே வேண்டாம். கோழிக்கு இதில் பாதி.

மசாலாவும் மாறும். மிளகு, கிராம்பு, பூண்டு மூன்றும் உறைந்த உணவில் நாளாக நாளாகத் தூக்கலாகி லேசாகக் கசக்கத் தொடங்கும், உப்பு மங்கித் தெரியும். நம் குழம்புக்கு முதுகெலும்பே இந்த மூன்று மசாலாதான் என்பதால் இது நமக்குத்தான் கூடுதல் தலைவலி. உறைய வைக்கும் பங்குக்கு மிளகையும் கிராம்பையும் கொஞ்சம் குறைத்துப் போட்டு, சூடாக்கும்போது புதிதாக வறுத்துப் பொடித்த மிளகும் சோம்பும் தூவி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் நான்கு மாதக் குழம்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு இளகும்போது தண்ணீராகவும் திப்பியாகவும் பிரியும். கெட்டுப்போனதல்ல, கொதியில் கிளறினால் ஓரளவு சேரும். முடிந்தால் தேங்காயைச் சூடாக்கும் நாளில் அரைத்துச் சேருங்கள். உருளைக்கிழங்கு பஞ்சாகிவிடும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகிவிடும். இரண்டையும் உறைய வைக்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

டப்பாவைத் திறந்தால் கறியின் மேல் வெளுத்துக் காய்ந்த திட்டுகள் தெரியலாம். அது ஈரம் போனதால் வந்த வறட்சி, பூஞ்சை அல்ல. ருசி இருக்காது, ஆபத்தும் இல்லை, அந்தத் துண்டை ஒதுக்கினால் போதும். மூடிக்கு அடியில் பனி பூத்திருந்தால் ஃப்ரீசரின் குளிர் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம். தானாகவே பனி உருக்கிக்கொள்ளும் ஃப்ரிட்ஜில் இது சாதாரணம். ஆனால் பை நிறையக் குழம்பு ஒரு பக்கமாகச் சரிந்து, சாய்ந்த கோலத்தில் உறைந்திருந்தால் யோசியுங்கள். அது நடுவில் ஒருமுறை முழுதாக இளகி மறுபடி உறைந்திருக்கிறது, எத்தனை மணி நேரம் இளகிக் கிடந்தது என்று பார்த்துச் சொல்ல வழி கிடையாது.

உங்கள் ஃப்ரீசர் உண்மையில் மைனஸ் 18க்குப் போகிறதா என்பதுதான் எனக்கு உள்ள பெரிய சந்தேகம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே உள்ள சின்ன ஐஸ் பெட்டி பல வீடுகளில் போவதில்லை. கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவை மின்சாரச் சிக்கனத்துக்கானவை. ஃப்ரீசர் பெட்டியின் மேலேயே நட்சத்திரம் அச்சிட்டிருந்தால் அதுதான் குளிரைச் சொல்லும்: ஒன்று மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. இல்லையென்றால் ஐஸ்கிரீமை வைத்துப் பாருங்கள், கரண்டி சுலபமாக இறங்கினால் குளிர் போதவில்லை. குழம்பு உறைந்தே இருக்கும்வரை அப்போதும் நோய்க்கிருமி வளராது, ஆனால் காறல் பல மடங்கு வேகமாகும். அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஆக, உங்கள் டப்பாவுக்கு அம்மாவிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அன்று குழம்பை இறக்கி எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு பெரிய பாத்திரத்திலிருந்து ஃப்ரீசருக்கு எடுத்தார்கள்? மதியம் சமைத்து உடனே சின்னச் சின்னதாகப் பிரித்திருந்தால் கொதிக்க வைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். இரவுவரை அண்டாவில் இருந்தது என்றால், இதுவரை எதுவும் ஆகவில்லை என்பதற்காக இந்த டப்பாவை வயதானவருக்கோ குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ தர வேண்டாம். நானாக இருந்தால் கொட்டிவிடுவேன்.

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏழு மணி நேரம் என்பதால் அந்தப் பயணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கல்லாக உறைந்த பலகைப் பைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கமாக அடுக்கி, செய்தித்தாளில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து டேப் ஒட்டினால் அவை ஒன்றுக்கொன்று ஐஸ்கட்டியாக இருந்துகொள்ளும். நடுவில் ஒரு ஆறின டப்பாவைச் செருகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பையையும் அழுத்திப் பாருங்கள். உள்ளே இன்னும் ஐஸ் நறநறத்தால் மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாம், பதம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுக்க இளகியும் கை வைத்தால் ஜில்லென்று இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். ஜில்லிப்பே இல்லை, எப்போது போனது என்றும் தெரியவில்லை என்றால் வேண்டாம். மின்சாரம் போகும்போதும் இதே அளவுகோல்தான். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள்வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள் என்பார்கள். சின்ன ஐஸ் பெட்டிக்கும் நம் வெயிலுக்கும் அந்தக் கணக்கு செல்லாது, கையால் தொட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

சாப்பிடப் போகும் பையை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மேடையில் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள், ஓரம் இளகி வெதுவெதுப்பாகும்போதும் நடு உறைந்தே இருக்கும். அவசரம் என்றால் உறைந்த பலகையையே உடைத்து இருப்புச்சட்டியில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் இளக்கலாம், இரண்டு செண்டிமீட்டர் பலகைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஓரத்தில் கொதி வந்ததும் இறக்கிவிடாதீர்கள். கெட்டிக் குழம்பில் ஓரம் கொதிக்கும்போது எலும்போடு உள்ள துண்டின் உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கும். கிளறிக் கிளறி முழுக்கக் கொதிக்கவிட்டு, பெரிய துண்டு ஒன்றைப் பிய்த்து நடுவில் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். 74 டிகிரி வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு, ஆவி மட்டும் அதற்குச் சான்று ஆகாது, குழம்பு முழுக்கக் கொதித்திருக்கவும் வேண்டும். சூடாக்கி மீந்ததை மறுபடி உறைய வைக்க வேண்டாம். அதற்காகத்தான் அரை லிட்டர் பை.